ட்ரையர் ஆடுகிறது: வெண்டருக்கு எழுதும் கடிதத்தில் எதைக் கேட்பது?

மொரீஷியஸின் மேட்டுப் பகுதியில், வாக்வா பக்கம், பனியன் துணிக்குச் சாயமேற்றும் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். திருப்பூரில் பழகிய வேலைதான். ஊர் மட்டும் வேறு. போன ஜனவரியில், துணி பரிசோதிக்கும் மேசையில் நிற்கும் தம்பி ஒரு ரோலைப் பிரித்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “அண்ணா, இங்கே தொட்டுப் பாருங்க. அப்புறம் இங்கே.” ஓர் இடத்தில் துணி அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தது. எண்பது மீட்டர் தள்ளிப் போனால் ஓரத்தில் லேசாக ஈரம் தட்டியது. இன்னும் எண்பது மீட்டர் போனால் மறுபடி அப்பளம்.

எங்கள் ரிலாக்ஸ் ட்ரையரில் துணி நிமிடத்துக்கு 18 மீட்டர் ஓடுகிறது. மொடமொடப்பிலிருந்து மொடமொடப்புக்கு ஏறத்தாழ 160 மீட்டர் என்றால், ஏதோ ஒன்று 9 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். கண்ட்ரோலர் திரைக்கு முன்னால் போய் நின்றேன். செட் பாயிண்ட் 150 டிகிரி. காட்டிய வெப்பநிலை 144க்கும் 156க்கும் நடுவே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், சரியாக 9 நிமிடம்.

மேனேஜர் சொன்னது ஒரே வரி: “வெண்டருக்கு ஒரு கடிதம் போடுங்க, ட்யூனிங் பண்ணித் தரச் சொல்லுங்க.” ட்ரையரும் கண்ட்ரோலரும் தந்த நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவு கோயம்புத்தூரில் இருக்கிறது. அங்கே இருப்பவர்களும் தமிழர்கள்தான். அதனால் எழுதுவதில் சிரமம் இல்லை. எதைக் கேட்பது என்பதில்தான் யோசனை ஓடியது. நாலு வழி இருந்தது. கண்ட்ரோலரில் இருக்கும் ஆட்டோட்யூன் பொத்தானை நாங்களே அழுத்திவிடலாம். வெண்டரின் ஆளை இங்கே வரவழைக்கலாம். ட்ரெண்ட் பதிவை அனுப்பி, அங்கிருந்தபடியே எண்களைச் சொல்லச் சொல்லலாம். இல்லையென்றால் வால்வையே மாற்ற விலை கேட்கலாம். எங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, இந்த நாலையும் நான் எப்படி எடைபோட்டேன் என்பதை எழுதுகிறேன்.

இந்த ட்ரையரின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று சேம்பர். ஹீட்டரிலிருந்து ஏறத்தாழ 240 டிகிரியில் தெர்மிக் ஆயில் வருகிறது. முதல் இரண்டு சேம்பருக்கும் சேர்த்து ஒரே மூவழி கண்ட்ரோல் வால்வு, அதன் தலையில் காற்றழுத்த ஆக்சுவேட்டரும் பொசிஷனரும். திரும்பும் காற்றுப் பாதையில் ஒரு பிடி100 வெப்பநிலை சென்சார். சென்சார் சொல்வதைப் பார்த்துக் கண்ட்ரோலர் வால்வைத் திறந்து மூடுகிறது, இந்தச் சுற்றைத்தான் லூப் என்கிறோம். துணியில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த இரண்டு சேம்பரிலேயே ஆவியாகிவிடும். அதனால்தான் அங்கே ஆடும் 6 டிகிரி, கடைசியில் துணியைத் தொடும் கைக்கே தெரிகிறது.

நான் முதலில் எழுதிய கடிதம் மூன்று வரி: வெப்பநிலை நிலையாக இல்லை, பிஐடி ட்யூனிங் தேவை, ஆள் அனுப்பவும். அதை அனுப்பவில்லை. எதிர்முனையில் இருப்பவராக என்னை நினைத்துப் பார்த்தேன். அந்த மூன்று வரியை வைத்து அவரால் எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரு நாள் கூலியும் விமானக் கட்டணமும் போட்டு ஒரு விலைப்புள்ளி அனுப்புவார், அவ்வளவுதான். ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று எங்களுக்கே தெரியாதபோது, எந்த வழி சரி என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே கடிதத்துக்கு முன்னால் இரண்டு சோதனை செய்தோம். இரண்டுக்கும் செலவே கிடையாது.

முதல் சோதனை, கண்ட்ரோலரை மேனுவலில் போடுவது. துணி வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்போது, வால்வுக்குப் போகும் அவுட்புட்டை ஆட்டத்தின் சராசரிக்குக் கொண்டுவந்து (எங்களுக்கு அது 40 சதவீதம்) அப்படியே நிறுத்திவைக்க வேண்டும். மூன்று நாலு அலை அடிக்கும் நேரம், அதாவது அரை மணிக்குக் குறையாமல், பார்க்க வேண்டும். ஆட்டம் தொடர்ந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. ஹீட்டரின் பர்னர் எரிந்து அணைவதால் எண்ணெய் வெப்பநிலை ஏறி இறங்கலாம், எக்ஸாஸ்ட் டாம்பர் தானாக அசையலாம், ஈரம் மாறி மாறி வரலாம். அப்படியானால் இந்த லூப்பை எத்தனை ட்யூன் செய்தாலும் தீராது. ஆட்டம் நின்றுவிட்டால், லூப்பே அதை உண்டாக்குகிறது. எங்கள் ட்ரையரில் மேனுவலுக்கு மாற்றிய கால் மணி நேரத்தில் கோடு தட்டையானது. 149க்கும் 151க்கும் நடுவே அமைதியாகக் கிடந்தது.

லூப்பே ஆட்டுகிறது என்றாலும், அதற்குள் இரண்டு குற்றவாளிகள் இருக்க முடியும். கண்ட்ரோலருக்குள் இருக்கும் எண்கள் தவறாக இருக்கலாம். அல்லது வால்வு ஒட்டிப்பிடிக்கலாம். இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இரண்டாவது சோதனை. எங்கள் ஃபிட்டர் அண்ணன் மொரீஷியஸ்காரர். வீட்டில் கிரியோல் பேசுவார், கோயிலில் தமிழ்ப் பாட்டுப் பாடுவார், வால்வு விஷயத்தில் அவர் கைக்குத் தெரியாதது கிடையாது. வால்வு தண்டின் மேல் மார்க்கர் பேனாவால் மயிரிழை போல ஒரு கோடு இழுத்தார். நான் மேனுவலில் அவுட்புட்டை 40லிருந்து 41 ஆக்கினேன். தண்டு அசையவில்லை. 42, அசையவில்லை. 43, 44 வரைக்கும் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. 45 என்று மாற்றியதும் “டக்” என்று ஒரே தாவு. ஐந்து சதவீதத்தையும் மொத்தமாகத் தாவியது. கீழே இறக்கும்போதும் அதே கதை. 40க்கு வந்த பிறகுதான் திரும்பத் தாவியது. அண்ணன் ஒன்றும் பேசாமல், தண்டைச் சுற்றியிருக்கும் பேக்கிங்கை இறுக்கும் கிளாண்டு நட்டைக் காட்டினார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அங்கே எண்ணெய் கசிந்தது. இரவு ஷிஃப்டில் யாரோ நட்டை நன்றாக முறுக்கியிருக்கிறார்கள். கசிவு நின்றது. தண்டும் சேர்ந்து நின்றுபோனது.

இந்த ஆட்டம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாலு வழியையும் ஒப்பிடுவதற்கு இதுதான் அடிப்படை. வெப்பநிலை செட் பாயிண்டுக்குக் கீழே இருக்கிறது. கண்ட்ரோலரின் இன்டெக்ரல் பகுதி அவுட்புட்டை மெல்ல மெல்ல ஏற்றுகிறது. தண்டு ஒட்டிப்பிடித்திருப்பதால் எதுவும் நடக்கவில்லை. நடக்காததால் இன்னும் ஏற்றுகிறது. ஐந்து சதவீதம் சேர்ந்ததும் தண்டு தாவுகிறது, தேவைக்கு மேல் எண்ணெய் போகிறது, வெப்பம் எகிறுகிறது. இப்போது கண்ட்ரோலர் அதே வேலையைக் கீழ்நோக்கிச் செய்கிறது. இதற்கு முடிவே இல்லை. ட்ரெண்டில் பார்த்தால் அவுட்புட் கோடு ரம்பப் பல் போல நேர்க்கோட்டில் ஏறி இறங்கும், வெப்பநிலைக் கோடு அதற்குப் பின்னால் வட்டமாகத் தொடரும். எண்கள் மட்டும் தவறாக இருந்தால் இரண்டு கோடும் வழவழப்பான அலையாக இருக்கும். இந்த வடிவத்தை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இனி வழிகள்.

ஆட்டோட்யூன் பொத்தான் கையருகே இருக்கிறது, இலவசம், கால் மணியில் முடிந்துவிடும். பலரும் முதலில் அதைத்தான் அழுத்துவார்கள், எங்களிடமும் அந்தப் பேச்சு வந்தது. அந்தப் பொத்தான் உள்ளே செய்வது இதுதான்: அவுட்புட்டை வேண்டுமென்றே மேலும் கீழும் தட்டி, லூப்பை ஆடவைத்து, அந்த ஆட்டத்தின் உயரத்தையும் நேரத்தையும் அளந்து எண்களைக் கணக்கிடுகிறது. வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும்போது அளக்கப்படுவது ட்ரையரின் குணம் மட்டும் இல்லை, கிளாண்டின் பிடிப்பும் அதில் கலந்துவிடுகிறது. இன்னொன்று, தட்டும் அளவுக்கு எல்லை வைக்காவிட்டால் சில கண்ட்ரோலர்கள் 0க்கும் 100க்கும் தட்டும். 240 டிகிரி எண்ணெய் முழுவதுமாகத் திறந்தால் உள்ளே இருக்கும் பருத்தித் துணிக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சரி, துணி இல்லாமல் வெறும் மெஷினில் ஓட்டலாமே என்றால், தண்ணீர் ஆவியாகும் சுமை இல்லாத ட்ரையர் வேறு ஒரு மெஷின். அங்கே கிடைக்கும் எண் துணி ஓடும்போது பொருந்தாது. வால்வு நன்றாக இருந்து, அவுட்புட் எல்லை வைக்க முடிந்து, விலை குறைந்த துணியை ஓட்டியபடி செய்ய முடிந்தால் மட்டும் இந்த வழி எனக்குச் சம்மதம். அன்றைக்கு அது பொருந்தவில்லை.

ஆளை வரவழைப்பது மேனேஜருக்குப் பிடித்த வழி. வந்தார், பார்த்தார், சரிசெய்தார் என்று கணக்கு முடித்துவிடலாம். எனக்கு அதில் இரண்டு தயக்கம். ஜனவரி, பிப்ரவரி இங்கே புயல் காலம். எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்குப் போனால் வேலை நின்றுவிடும், எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த நாளுக்கும் வெண்டரின் நாள் கூலி ஓடும். இரண்டாவது தயக்கம் பெரியது. அவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து முதல் நாள் செய்யப்போவது நாங்கள் ஏற்கெனவே செய்த இரண்டு சோதனைகளைத்தான். கிளாண்டு இறுகியிருக்கிறது என்று சொல்வார். பேக்கிங் மாற்றச் சொல்வார். அதற்கு ஹீட்டரை நிறுத்தி ஆறவைக்க வேண்டும், அதுவரை அவர் விடுதியில் உட்கார்ந்திருப்பார். நேரில் வருவது உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் உண்டு. பல சேம்பர்கள் ஒன்றையொன்று இழுக்கும்போது, சென்சார் இருக்கும் இடமே தவறு என்று சந்தேகம் வரும்போது, கண்ட்ரோல் முறையையே மாற்றி ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் வைக்க வேண்டியிருக்கும்போது அவர் வரத்தான் வேண்டும். எங்களுடையது ஒரு வால்வு, ஒரு சென்சார்.

வால்வை மாற்றுவதை நான் சாதாரணமாகத் தள்ளிவிடவில்லை. தெர்மிக் ஆயிலுக்குப் பெல்லோஸ் சீல் வால்வு நல்லது. தண்டைச் சுற்றி உலோகத் துருத்தி அடைத்திருப்பதால் எண்ணெயை நிறுத்தப் பேக்கிங்கை இறுக்க வேண்டியதில்லை, கசிவு என்ற பேச்சும் குறையும். ஆனால் விலை அதிகம், கப்பலில் வர வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்கள் முழுக்க துணி ஆடிக்கொண்டே இருக்கும். வால்வு மாற்றியே ஆக வேண்டிய ஓர் அறிகுறியையும் பார்த்தேன்: சாதாரண உற்பத்தியில் வால்வு 10 சதவீதத்துக்குக் கீழேயோ 90க்கு மேலேயோ நின்றால் அளவே தவறு, எந்த ட்யூனிங்கும் உதவாது. எங்களுடையது 40இல் நிற்கிறது. அளவு சரி.

மிஞ்சியது, பதிவை அனுப்பி எண்களைக் கேட்பது. இதுதான் சரி என்று பட்டது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: முதலில் கிளாண்டைச் சரிசெய்துவிட்டு, நல்ல வால்வோடு எடுத்த பதிவை அனுப்ப வேண்டும். ஒட்டும் வால்வின் பதிவை அனுப்பினால் அவர்களும் தவறான எண்ணைத்தான் சொல்வார்கள்.

தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை, மில் மூடியிருக்கும், வேலைக்கு வசதியான நாள். ஆனால் ஃபிட்டர் அண்ணன் காவடி எடுக்கிறார், பத்து நாளாக விரதம். அவரை அன்றைக்குக் கூப்பிட எனக்கு மனமில்லை. அதற்கு முந்தைய ஞாயிறு செய்தோம். சனி இரவே ஹீட்டரை அணைத்து, எண்ணெய் ஓட்டத்தை மட்டும் விட்டு ஆறவைத்து, பிறகு பம்ப்பை நிறுத்தி, வால்வின் எல்லாப் பக்கமும் அடைத்து, எண்ணெயை வடித்த பிறகே நட்டில் ஸ்பேனர் வைத்தோம். சூடான லைனில் கிளாண்டு நட்டைத் தளர்த்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 240 டிகிரி எண்ணெய் பீறிட்டு முகத்தில் அடிக்கும், தீயும் பிடிக்கும்.

பழைய பேக்கிங் கருகிக் கல்லாக இருந்தது. டெஃப்லான் பேக்கிங் போட்டால் தண்டு வெண்ணெய்போல் நகரும், ஆனால் அது 230 டிகிரி வரைதான் தாங்கும். எங்கள் எண்ணெய்க்கு அது ஆகாது. கிராஃபைட் வளையம்தான் போட வேண்டும், அதில் உராய்வு சற்று அதிகம். நட்டைக் கையால் இறுக்கி, சூடேறிய பிறகு கசிவு பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். மறுபடி மார்க்கர் கோடு. இந்த முறை 1 சதவீதத்துக்கே தண்டு அசைந்தது. அதற்குக் கீழே போகவில்லை. கிராஃபைட்டுக்கு இது நல்ல நிலைதான்.

திங்கள் காலை பழைய எண்களோடே ஆட்டோவில் போட்டோம். முடிவில்லாத ஆட்டம் போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு முறை மெஷின் நின்று கிளம்பும்போதும் 7 நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று அலை அடித்துத்தான் அடங்கியது. ஆக இரண்டு குற்றவாளியும் இருந்திருக்கிறார்கள், பெரியவன் கிளாண்டு. அன்றைக்கு ட்யூனிங் மட்டும் கேட்டிருந்தால் சின்னவனுக்கு மட்டும் பணம் கட்டியிருப்போம்.

இப்போது கடிதத்தோடு அனுப்ப ஸ்டெப் சோதனை. இதில் நான் ஒரு தவறு செய்தேன். எங்கள் ஸ்காடாவில் இருக்கும் பதிவையே எடுத்து அனுப்பப் பார்த்தேன். அது நிமிடத்துக்கு ஒரு புள்ளி. வால்வை அசைத்து 25 விநாடியில் வெப்பநிலை நகரத் தொடங்குகிறது, அந்த 25 விநாடி எவ்வளவு என்பதுதான் ட்யூனிங்குக்கு முக்கியமான எண். நிமிடப் பதிவில் அது இருக்கவே இருக்காது. பதிவை 2 விநாடிக்கு மாற்றி, சராசரி எடுக்கும் வசதியை அணைத்து, மறுபடி செய்தேன். துணி ஓடும்போது, மேனுவலில், வெப்பநிலை அசையாமல் நின்ற பிறகு, அவுட்புட்டை 40லிருந்து 45க்கு ஒரே தட்டாகத் தட்டினேன். கோப்பு இப்படி இருந்தது:

```
time,SP,PV,OP,mode
10:14:00,150.0,149.9,40.0,MAN
10:14:02,150.0,149.9,45.0,MAN
10:14:04,150.0,149.9,45.0,MAN
```

25 விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஏறத் தொடங்கி, கடைசியில் 9 டிகிரி உயர்ந்து நின்றது. அந்த 9இல் 63 சதவீதம், அதாவது 5.7 டிகிரி, தட்டியதிலிருந்து 165 விநாடியில் வந்தது. அதில் காத்திருந்த 25ஐக் கழித்தால் 140. இந்த மூன்று எண்ணும்தான் ட்ரையரின் ஜாதகம். திரும்ப 45லிருந்து 40க்கு இறக்கியும் பதிவு எடுத்தேன். ஏறும்போதும் இறங்கும்போதும் பெரிய வித்தியாசம் இருந்தால் வெண்டருக்குத் தெரிய வேண்டும். எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது.

கடிதத்தின் நடுப்பகுதியை அப்படியே தருகிறேன்:

“மதிப்பிற்குரிய ஐயா, ரிலாக்ஸ் ட்ரையரின் முதல் இரண்டு சேம்பருக்கான வெப்பநிலை லூப் குறித்து எழுதுகிறேன். ஆட்டோவில் 150 டிகிரியைச் சுற்றி 6 டிகிரி மேலும் கீழுமாக, 9 நிமிடத்துக்கு ஒருமுறை ஆடியது. மேனுவலில் ஆட்டம் நின்றது. வால்வு தண்டு 5 சதவீதம் வரை ஒட்டியிருந்தது. கிளாண்டு பேக்கிங் மாற்றிய பின் 1 சதவீதமாகக் குறைந்துள்ளது. ஆட்டம் தொடர்வது நின்றது, ஆனால் கிளம்பும்போது 7 நிமிட அலைகள் வருகின்றன. தற்போதைய எண்கள்: ப்ரோபோர்ஷனல் பேண்ட் `Pb` 60, இன்டெக்ரல் `ti` 40, டெரிவேட்டிவ் `td` 0. அளவீட்டு வீச்சு 0 முதல் 250 டிகிரி. துணி ஓடும்போது எடுத்த இரண்டு ஸ்டெப் பதிவுகளை 2 விநாடிப் புள்ளிகளோடு இணைத்துள்ளேன்.

“நாங்கள் கேட்பது: ஒன்று, இந்தப் பதிவை வைத்துப் புதிய எண்களைப் பரிந்துரைக்கவும், எவ்வளவு வேகத்தை நோக்கிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் சொல்லவும். இரண்டு, இந்தக் கண்ட்ரோலரின் பிஐடி எந்த வடிவத்தில் கணக்கிடுகிறது, இன்டெக்ரல் விநாடியிலா, நிமிடத்துக்கு எத்தனை முறை என்ற கணக்கிலா என்று உறுதிப்படுத்தவும். மூன்று, எண்களை மாற்றும் நாளில் ஒரு மணி நேரம் தொலைபேசியில் உடன் இருக்க முடியுமா? இங்கே பிற்பகல் 2 மணி என்றால் உங்களுக்கு 3.30. நேரில் வருவதற்கான விலைப்புள்ளியைத் தனியாகக் குறிப்பிடவும். தொலைவிலிருந்து தீரவில்லை என்றால் மட்டும் அதைப் பரிசீலிப்போம்.”

இரண்டாவது கேள்வியை எழுதும்போது கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறோமோ என்று நினைத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தபோது அந்தக் கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. அவர்கள் தங்கள் கணக்குத் தாளில் இன்டெக்ரலை நிமிடத்துக்கு 0.43 முறை என்று எழுதியிருந்தார்கள். எங்கள் திரையில் `ti` விநாடியில். 60ஐ 0.43ஆல் வகுத்தால் 140 விநாடி. கீழேயே ஒரு வரியில் அதைக் குறித்திருந்தார்கள். அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால், இரவு ஷிஃப்டில் யாராவது 0.43ஐ நிமிடம் என்று நினைத்து 26 விநாடி போட்டிருப்பார்கள். பழைய 40ஐவிட மோசமாக ஆடியிருக்கும்.

அவர்கள் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 9 டிகிரி என்பது 250 வீச்சில் 3.6 சதவீதம். அதை 5ஆல் வகுத்தால் 0.72. காத்திருக்கும் நேரம் 25 விநாடியைப் போல மூன்று மடங்கு, 75 விநாடியை லூப் எட்ட வேண்டிய வேகமாக வைத்திருந்தார்கள். `Kc` என்பது கண்ட்ரோலரின் கெயின்:

```
Kc = 140 / (0.72 * (75 + 25)) = 1.94
Pb = 100 / 1.94 = 51 %
ti = 140 s
td = 0
```

பழைய எண்ணோடு ஒப்பிட்டால் `Pb` அதிகம் மாறவில்லை, 60 இருந்தது 51 ஆனது. கெடுத்தது `ti`தான். 140 விநாடியில் நகரும் ட்ரையரை 40 விநாடியில் விரட்டிக்கொண்டிருந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டியபோது, ஆட்டத்தை அடக்க யாரோ `Pb`யை 20லிருந்து 60க்கு அகலப்படுத்தியது தெரிந்தது. ஆட்டம் அதனால் நிற்கவில்லை, அலைதான் நீண்டது.

இன்னும் வேகமாக வேண்டுமா என்று அவர்களே கேட்டிருந்தார்கள். 75க்குப் பதில் 25 வைத்தால் `Pb` 26 ஆகும், செட் பாயிண்டைப் பிடிப்பது விரைவாகும். வேண்டாம் என்று எழுதினேன். எங்கள் வால்வில் அந்த 1 சதவீத ஒட்டல் இன்னும் இருக்கிறது, கிராஃபைட் தேயத் தேய அது கூடலாம். கனமான துணி வரும்போது ட்ரையரின் குணமும் மாறும். நிட் துணிக்கு ஐந்து நிமிடத்தில் நிலைக்கு வந்தால் போதும்.

ஒரு வியாழன் பிற்பகல், கோயம்புத்தூரிலிருந்து அந்த எஞ்சினியர் போனில் இருக்க, எண்களை மாற்றினோம். முதலில் மேனுவலில் வைத்து எண்களை உள்ளிட்டு, வெப்பநிலை செட் பாயிண்டில் இருக்கும்போது ஆட்டோவுக்குத் தள்ளினோம், அவுட்புட் தாவக் கூடாதே. பிறகு செட் பாயிண்டை 150லிருந்து 155 ஆக்கினோம். கோடு ஏறியது, 155ஐத் தாண்டவில்லை, ஐந்து நிமிடத்தில் நின்றது. மறுபடி 150க்கே வைத்து, மெஷினை நிறுத்திக் கிளப்பிப் பார்த்தோம். ஒரே ஒரு இறக்கம், திரும்ப வந்து நின்றது. அன்றைக்கு மாலை வரை 148.5க்குக் கீழே போகவில்லை.

தொலைபேசி உதவிக்கு ஒரு மணி நேரக் கட்டணம் வாங்கினார்கள், நேரில் வரும் செலவில் சிறு துண்டுதான். பெல்லோஸ் சீல் வால்வுக்கும் விலை வாங்கி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை மார்க்கர் கோட்டை வைத்துத் தண்டைப் பார்க்கிறோம். ஒட்டல் 2 சதவீதத்தைத் தாண்டினால் ஆர்டர் போடுவதாக மேனேஜரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். கிளாண்டு நட்டின் மேல் ஃபிட்டர் அண்ணன் ஒரு சிவப்புக் குறி போட்டு, பக்கத்தில் கிரியோலிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்: கசிந்தால் முறுக்காதே, என்னைக் கூப்பிடு.